மறு: லாக் ரிட்டர்னைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மலர்விழி:
வணக்கம். நாணய மாற்று விகிதம் பற்றிய பாடக் குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். அதில் தினசரி ஏற்ற இறக்கத்தைச் சதவீதத்தில் சொல்லாமல் லாக் ரிட்டர்னில் சொல்கிறார்கள். 'மடக்கை வருவாய்' என்று போட்டேன். படித்துப் பார்த்த தம்பி, "இதுக்கு வரி உண்டா?" என்கிறான்.

அரங்கன்:
வரியை விடுங்கள் அம்மா. மடக்கு என்றாலே திரும்பி வருவதுதான். தண்டியலங்காரம் சொல்லும் மடக்கில், வந்த எழுத்துத் தொடரே வேறு பொருளோடு மறுபடி வரும். ஆகவே ரிட்டர்னும் மடக்கே. 'மடக்கை மடக்கு' என்க.

தேவகி:
ஐயா, என் மாணவர்கள் நாற்காலி என்று நினைப்பார்கள்! முதலில் பொருளைப் பார்ப்போம். யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் 2011 முதல் தாங்கிவந்த சுவிஸ் மைய வங்கி, 2015 ஜனவரி 15 அன்று கையை எடுத்துவிட்டது. அன்றே யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே இறங்கியது. கணக்குக்கு 1.20, 1.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரோ இறங்கியது 16.67 சதவீதம். அதையே ஃபிராங்க் பக்கம் நின்று பார்த்தால் 20 சதவீத ஏற்றம். நடந்தது ஒன்று, எண் இரண்டு. லாக் ரிட்டர்ன் என்பது புது விகிதத்தைப் பழையதால் வகுத்து எடுக்கும் இயல் மடக்கை: ln(1.00/1.20) என்றால் −0.1823, தலைகீழாகப் போட்டால் +0.1823. குறி மட்டும்தான் மாறுகிறது. மறுநாளே 1.20க்குத் திரும்பியதென்றால் இரு நாள் சதவீதமும் சேர்ந்து +3.33 காட்டும், மடக்கையில் பூச்சியம். யாரும் எதையும் ஈட்டவில்லை, வருவாய் எங்கே வந்தது? 'மடக்கை மாற்றம்' போதும்.

சுலைமான்:
ரியாத்திலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். எனக்கு வங்கி போடுவது மடக்கையா, சதவீதமா?

தேவகி:
இரண்டும் இல்லை தம்பி, அன்றைய விகிதம்தான்.

கபிலன்:
அப்போ சதவீதத்தையே தூக்கிப் போட்டுவிடலாம். நான் யூரோ, யென், பவுண்டு மூன்றுக்கும் மடக்கை எடுத்துச் சராசரி போட்டு, கைவசம் உள்ளதன் ஏற்றம் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

தேவகி:
அங்கேதான் இடிக்கும். ஒரு நாணயத்தின் பல நாட்களைக் கூட்டலாம். ஒரே நாளில் பல நாணயங்களைக் கூட்டக் கூடாது. பாதிப் பணம் 20 சதவீதம் ஏறி மறுபாதி அசையவில்லை என்றால், மொத்தம் ஏறியது 10. மடக்கைச் சராசரியைச் சதவீதமாகத் திருப்பினால் 9.54தான் வரும். அதற்குப் பழைய சதவீதமே சரி. அரை சதவீதம் ஏறும் சாதாரண நாளில் மடக்கை 0.4988 சதவீதம், வித்தியாசம் கண்ணுக்கே படாது. அதனால்தான் இந்தத் தவறு மாதக்கணக்கில் தெரியாமல் ஓடும்.

அரங்கன்:
பொருள் புரிந்தது. ஆனால் 'மாற்று விகிதத்தின் மடக்கை மாற்றம்': ஒரே வரியில் மாற்று, மாற்றம். காது கூசவில்லையா? 'மடக்கைப் பெயர்ச்சி' எனலாமே.

கபிலன்:
சனிப்பெயர்ச்சி மாதிரி இருக்கிறது ஐயா.

மலர்விழி:
'மடக்கை மாற்றம்' என்றே அனுப்பிவிட்டேன். அடுத்த பாடம் பங்குச் சந்தை. அங்கே டிவிடெண்டும் சேர்வதால் ரிட்டர்ன் உண்மையிலேயே வருவாய்தான். அதற்கும் இதே சொல்லா?

அரங்கன்:
நான் அப்போதே சொன்னேன், மடக்கு.