சைக்கிளால் 10 கிலோமீற்றர் அளந்தோம்: இரண்டு தரம், இரண்டு கணக்கு. எதை நம்புவது?

கல்லடிக் கழகச் செயலாளர்:

வணக்கம். எங்கள் கழகம் 10 கிலோமீற்றர் வீதியோட்டம் ஒன்றை நடத்தவிருக்கிறது. கல்லடியில் தொடங்கி, காத்தான்குடியின் பேரீச்சை மரங்கள் நிற்கும் பிரதான வீதியால் போய், ஆரையம்பதிப் பக்கம் திரும்பி, மீண்டும் கல்லடியில் முடியும். ஓடும் பிள்ளைகளின் நேரங்கள் பின்னால் பதிவுக்கு எடுபட வேண்டும் என்பதால் மோட்டார் சைக்கிள் மீற்றரை நம்பாமல், சில்லின் சுழற்சியைச் சிறு சிறு பங்குகளாக எண்ணும் ஜோன்ஸ் கவுண்டர் ஒன்றை இரவல் வாங்கி, சைக்கிளின் முன் சில்லில் பூட்டி அளந்தோம்.

நாவலடிப் பக்கம் நேரான வீதியில் உருக்கு நாடாவால் 300 மீற்றர் அளந்து, இரு முனையிலும் ஆணி அடித்தோம். காலையில் அந்த 300 மீற்றரை நான்கு தரம் ஓட்டியபோது கவுண்டரில் 3376, 3377, 3376, 3377 விழுந்தது. சராசரி 3376.5. அதைக் கிலோமீற்றருக்கு மாற்றி, 1.001 ஆல் பெருக்கி, 10 கிலோமீற்றருக்கு 112,663 என்று கணக்கிட்டு, அந்த எண் வந்த இடத்தில் முடிவுக் கோட்டைக் குறித்தோம்.

பிறகு மழை. அரை மணி நேரம் கடைத் தாழ்வாரத்தில் நின்றுவிட்டு அதே கோட்டிலிருந்து அதே கோட்டுக்கு இரண்டாம் தரம் ஓட்டினால் 112,760 வருகிறது. 97 எண்கள் கூட. கணக்குப் பார்த்தால் 8.6 மீற்றர். கடைசியாக 300 மீற்றரில் மறுபடியும் நான்கு தரம் ஓட்டினோம். இப்போது சராசரி 3379. வீதி நீளவில்லை, ஆணியும் நகரவில்லை. எங்கே பிழை?

ஓடும் வாகரையான்:

அண்ணா, இவ்வளவு பாடு எதற்கு? போன மாதம் நான் இதே வீதியால் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு ஓடினேன், 10.14 காட்டியது. உங்கள் பாதை 140 மீற்றர் கூட. முடிவுக் கோட்டை முன்னுக்கு இழுங்கள், எல்லோருக்கும் அரை நிமிடம் மிச்சம்.

முன்சில்லு:

தம்பி வாகரையான், அப்படி இழுத்தால் பாதை குறைந்துவிடும், ஒருவருடைய நேரமும் பதிவாகாது. கையிலுள்ள மணிக்கூடு செய்மதியிலிருந்து சில செக்கன்களுக்கு ஒரு புள்ளி எடுக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று மீற்றர் அங்குமிங்கும் விழும். அவற்றை இணைக்கும் கோடு நெளிந்து நீண்டுவிடும். அதற்கு மேல் நீர் வளைவுகளின் வெளிப்புறத்தாலும், தண்ணீர் வைத்த மேசைப் பக்கமாகவும் ஓடியிருப்பீர். அளவுக்கு எடுப்பது ஓடக்கூடிய மிகக் குறுகிய வழி. வளைவில் வீதி விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி, ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு நேர்கோட்டில். சரியாக அளந்த 10 கிலோமீற்றரில் மணிக்கூடு 10.1 காட்டுவது வழக்கம்தான்.

செயலாளர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். கவுண்டர் எண்ணுவது சில்லின் சுழற்சியைத்தான், மீற்றரை அல்ல. டயர் கொஞ்சம் சுருங்கினால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும், எண் கூடும். மழையில் வீதி குளிர்ந்தது, டயருக்குள் காற்று குளிர்ந்தது, சில்லு சிறுத்தது. 3376.5 இலிருந்து 3379 ஆனது அதனால் இருக்கலாம். அந்த வித்தியாசம் மட்டும் 10 கிலோமீற்றரில் 83 எண்களை விழுங்கும். மிச்சம் 14 எண், அதாவது 1.2 மீற்றர். அது நீங்கள் வளைவுகளை இரண்டு தரமும் ஒரே கோட்டில் எடுக்காததால் வந்தது. 10 கிலோமீற்றரில் அவ்வளவு வித்தியாசம் நல்ல சவாரி என்றே சொல்வேன்.

அக்கரைப்பற்று நில அளவை:

நான் நில அளவைத் துறையில் வேலை செய்பவன். சைக்கிள் சில்லை நம்பி இவ்வளவு கணக்கா? எங்களிடம் டோட்டல் ஸ்டேஷன் கருவி இருக்கிறது. ஒரு நாள் தந்தால் பாதை முழுவதையும் மில்லிமீற்றர் திருத்தமாக அளந்து தருவோம்.

சரி, சைக்கிள்தான் என்றால் கணக்கு எளிது. முதல் சவாரிக்குக் காலை எண், இரண்டாம் சவாரிக்கு மழைக்குப் பிந்திய எண். தனித்தனியே வகுத்தால் முதலாவது 10 கிலோமீற்றர், இரண்டாவது 10 கிலோமீற்றரும் 1.2 மீற்றரும். இரண்டும் ஒத்துப்போகின்றன. பாதை சரி, கோட்டைத் தொட வேண்டாம்.

முன்சில்லு:

டோட்டல் ஸ்டேஷன் அந்த 300 மீற்றர் அடிக்கோட்டுக்கு மிக நல்லது. அதை அப்படி அளக்க விதியும் இடம் தருகிறது. ஆனால் பாதை முழுவதற்கும் அதைத் தூக்கித் திரிந்தால், ஓட்டக்காரன் எந்தக் கோட்டில் ஓடுவான் என்பதை நூற்றுக்கணக்கான இடங்களில் நீங்களே ஊகிக்க வேண்டும். சைக்கிள் அந்தக் கோட்டிலேயே ஓடுகிறது. இதுதான் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட முறை.

ஆனால் இரண்டு சவாரிக்கும் இரண்டு எண் பாவிப்பதை நான் ஏற்க மாட்டேன். இரண்டு சவாரிக்கும் இடையில் அவர்கள் 300 மீற்றரை ஓட்டிப் பார்த்திருந்தால் சரி. பார்க்கவில்லை. சில்லு எந்த நேரத்தில் எவ்வளவு சிறுத்தது என்று எவருக்கும் தெரியாது. அப்படியானபோது காலை எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்து நாளுக்கு ஒரே சராசரி எடுப்பார்கள். அந்தச் சராசரியை 1.001 ஆல் பெருக்கினால் கிலோமீற்றருக்கு 11,270.4 எண்கள். அதால் வகுத்தால் முதல் சவாரி 3.7 மீற்றர் குறைவு, இரண்டாவது 4.9 மீற்றர் கூட. குறைந்ததைத்தான் நம்ப வேண்டும். முடிவுக் கோட்டை 3.7 மீற்றர் தள்ளி வையுங்கள்.

அந்த 1.001 எதற்கென்று பலர் கேட்பதில்லை. கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் வேண்டுமென்றே கூட வைக்கிறோம். பாதை கூடினால் சில செக்கன்தான் போகும். குறைந்தால் எல்லாமே போகும். 1981 இல் நியூயோர்க் மரதனில் அல்பேர்ட்டோ சலாசர் 2 மணி 8 நிமிடம் 13 செக்கனில் ஓடி உலகச் சாதனை என்று கொண்டாடினார்கள். பிறகு மறுபடி அளந்தபோது பாதை ஏறத்தாழ 150 மீற்றர் குறைவு. நேரம் பட்டியலிலிருந்து போயிற்று.

திருக்கோவில் ரீச்சர்:

என்னுடைய கேள்வி வேறு. எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி இதே கரையோர வீதியில், போய்த் திரும்பாமல் நேராக ஓடி முடிக்கும் 10 கிலோமீற்றர் போட்டியில் நல்ல நேரம் எடுத்தாள். வீதி மேசைபோலச் சமம், இறக்கமே இல்லை. பாதையையும் சரியாகத்தான் அளந்திருந்தார்கள். ஆனாலும் பதிவுக்குச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இறக்கம் இருந்தால்தானே சேர்க்க மாட்டார்கள்?

அக்கரைப்பற்று நில அளவை:

இறக்கம்தான் ரீச்சர். கிலோமீற்றருக்கு ஒரு மீற்றருக்கு மேல் இறங்கக் கூடாது. உங்கள் வீதியில் அது வராது. யாரோ பிழையாகச் சொல்லியிருக்கிறார்கள், எழுதிக் கேளுங்கள்.

முன்சில்லு:

எழுத வேண்டாம் ரீச்சர், சொன்னவர்கள் சரி. இறக்கத்தைப் பற்றி நண்பர் சொன்னது உண்மை, ஆனால் அது பாதி. தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையில் நேர்கோட்டுத் தூரம், போட்டித் தூரத்தின் பாதிக்கு மேல் போகக் கூடாது. 10 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு 5 கிலோமீற்றர். கரையோர வீதி நேராகப் போகிறது. உங்கள் பிள்ளை ஓடியது நேர்கோட்டில் ஏறத்தாழ முழுத் தூரம். வாடைக்காற்று முதுகில் தள்ளினால் 10 கிலோமீற்றரும் தள்ளும். அதற்காகத்தான் அந்த விதி. 2011 இல் பொஸ்ரனில் ஜெஃப்ரி முத்தாய் 2 மணி 3 நிமிடம் 2 செக்கனில் ஓடியும் உலகச் சாதனையாகவில்லை. அந்தப் பாதையில் இரண்டு குறையும் உண்டு. செயலாளர் போய்த் திரும்பும் பாதை எடுத்தது நல்லது.

செயலாளருக்கு இன்னொன்று. காத்தான்குடியில் பேரீச்சை நிற்கும் நடுத்திட்டு இருக்கிறது. போகும்போது அதன் எந்தப் பக்கம், வரும்போது எந்தப் பக்கம் என்று எழுதி வரைந்து வையுங்கள். ஒரு பக்கப் பாதையை மட்டும் வைத்து அளந்துவிட்டு, போட்டியன்று பொலிஸார் வீதி முழுவதையும் திறந்துவிட்டால், பிள்ளைகள் வளைவுகளை வெட்டி ஓடுவார்கள், பாதை குறைந்துவிடும். திரும்பும் இடத்தில் கூம்பு நிற்கும் புள்ளிக்கு ஆணி அடித்து, பக்கத்து மின்கம்பத்திலிருந்து எத்தனை மீற்றர் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூம்பு ஐந்து மீற்றர் தள்ளி நின்றால் பத்து மீற்றர் பிழை.

ஓடும் வாகரையான்:

அப்படியானால் மணிக்கூட்டுக்குக் கொடுத்த காசு?

முன்சில்லு:

வேகம் பார்க்கப் பாவியும் தம்பி.

செயலாளர், நேற்று எழுதும்போது விட்டுவிட்டேன். மழைதான் காரணம் என்று இன்னும் முடிவு செய்யாதீர்கள். டயரில் மெல்லக் காற்று இறங்கினாலும் எண் இதே திசையில்தான் கூடும். பிரித்தறிய ஒரு வழி: சைக்கிளுக்குக் காற்றடிக்காமல் வைத்திருந்து, முதல் நாள் போலவே வெயில் ஏறுமுன் 300 மீற்றரை மறுபடி ஓட்டுங்கள். எண் 3376.5 பக்கம் திரும்பி வந்தால் மழை. இன்னும் கூடினால் டயர்.

கல்லடிக் கழகச் செயலாளர்:

ஓட்டிப் பார்த்தோம். 3384, 3384, 3385, 3384. சில்லைக் கழற்றி, ரியூப்பில் கொஞ்சம் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால், வால்வின் அடியில் கடுகளவு குமிழி ஒன்று வந்து நின்று, கொஞ்சம் பொறுத்து அடுத்தது. ஊசி குத்திய இடமே இல்லை. மழையின் மேல் போட்ட பழி பொய்யாகிவிட்டது.

அக்கரைப்பற்று நில அளவை:

மழையும் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனாலும் காற்று எந்த நேரத்தில் எவ்வளவு போனது என்று தெரியாதபோது, தனித்தனி எண் என்ற என் கணக்கு நிற்காதுதான். அடிக்கோட்டை நான் வந்து கருவியால் சரிபார்க்கிறேன். வேலை நாளில் முடியாது, சனிக்கிழமை.

முன்சில்லு:

மிக நன்று. நாடாவால் அளந்தபோது வெப்பம் என்ன என்று குறித்தீர்களா செயலாளர்? உருக்கு நாடா 20 பாகை செல்சியஸில் சரி. 32 பாகையில் 300 மீற்றருக்கு 4 சென்ரிமீற்றர் நீளும். திருத்தாவிட்டால் 10 கிலோமீற்றரில் 1.4 மீற்றர் கூடும். கூடுவதால் ஆபத்தில்லை, ஆனால் தாளில் எழுதியிருக்க வேண்டும். முந்தைய இரண்டு சவாரியையும், நான் சொன்ன 3.7 மீற்றரையும் விட்டுவிடுங்கள். புது ரியூப் போட்டு, ஒரு நாள் ஓட விட்டு, முதலிலிருந்து. இந்தத் தரம் இரண்டு சவாரிக்கும் இடையிலும் 300 மீற்றரை ஓட்டுங்கள்.

இன்னொரு விடயம். நீங்கள் எவ்வளவு திருத்தமாக அளந்தாலும், சாதனைக்கு அது ஆயத்த வேலைதான். சர்வதேச அங்கீகாரம் பெற்ற ஏ தர அல்லது பி தர அளவீட்டாளர் வந்து அளந்து கையொப்பமிட்டால்தான் சான்றிதழ். அது ஐந்து வருடத்துக்குச் செல்லும், இடையில் பாதையை மாற்றினால் செல்லாது. இலங்கை மெய்வல்லுநர் சங்கத்துக்கு இப்போதே எழுதுங்கள்.

திருக்கோவில் ரீச்சர்:

அளவீட்டாளரின் பயணச் செலவு யாருடையது? எங்கள் பக்கத்துக் கழகங்கள் இரண்டு மூன்றும் அளவுக்குக் காத்திருக்கின்றன. ஒரே பயணத்தில் அம்பாறைப் பக்கமும் வந்து அளந்தால் செலவைப் பங்கிடலாம்.

கல்லடிக் கழகச் செயலாளர்:

போட்டி நடத்துபவர்கள்தான் தர வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை. ரீச்சர், கடிதத்தை இரு பக்கமும் சேர்ந்தே எழுதுவோம். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு நாவலடியில் நிற்கிறோம். வாகரைத் தம்பி, வந்தால் வீதி மறிக்க ஆள் வேண்டும்.