Cp, Cv: வெப்பக் கொள்ளளவா, வெப்ப ஏற்புத்திறனா?

மொழிபெயர்ப்பாளர், கோவை:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான வெப்பவியல் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். Cp, Cv இரண்டையும் "மாறா அழுத்த வெப்பக் கொள்ளளவு", "மாறாப் பருமன் வெப்பக் கொள்ளளவு" என்று எழுதியிருந்தேன். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு கெல்வின் சூடாக்க, பருமன் மாறாமல் வைத்தால் ஏறத்தாழ 718 ஜூலும், அழுத்தம் மாறாமல் வைத்தால் 1005 ஜூலும் தேவை என்று நூல் சொல்கிறது. மெய்ப்புப் பார்த்த அம்மையார் அந்த இடத்தில் பென்சிலால் வட்டமிட்டு, "குடம் ஒன்றுதானே, கொள்ளளவு எப்படி இரண்டாகும்?" என்று ஓரத்தில் எழுதி அனுப்பிவிட்டார். கேள்வி சரியானது என்றே எனக்குப் படுகிறது. சொல்லை மாற்ற வேண்டுமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

மாற்றத்தான் வேண்டும். கொடுத்தலுக்கு எதிர் கொள்ளல், ஈதலுக்கு எதிர் ஏற்றல். கொண்டவன் கொண்டதைத் தன்னிடம் வைத்திருக்கிறான். ஏற்றவன் அதை என்ன செய்கிறான் என்பதை "ஏல்" என்னும் வினை சொல்வதில்லை. ஆகவே "வெப்பேற்பு" என்று சுருக்கமாக அமைக்கலாம். "மாறா" என்ற எதிர்மறையையும் தவிர்த்து, மூடிய கலத்துக்கு "அடைநிலை வெப்பேற்பு" என்றும், விரிய இடம்கொடுக்கும் கலத்துக்கு "நெகிழ்நிலை வெப்பேற்பு" என்றும் வைத்தால் செவிக்கும் இனிமை, பொருளும் தெளிவு. நெகிழ்நிலையில் வெப்பம் கூடுதலாகத் தேவைப்படுவதன் காரணமும் விளங்கிவிடும். வளிமம் விரியும்போது துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். அவற்றைப் பிணைத்திருக்கும் ஈர்ப்பை அறுக்கவே அந்த மிகுதி செலவாகிறது.

இயற்பியல் பேராசிரியர், மதுரை:

ஐயா, "ஏற்பு" பற்றி நீங்கள் சொன்னதை முழுமனத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணம் ஈர்ப்பு அன்று. இதை இப்போதே திருத்தாவிட்டால் சொல்லும் தவறான பக்கம் சாய்ந்துவிடும்.

ஒரு மோல் நைட்ரஜனை 300 கெல்வினில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், பிஸ்டன் பொருத்திய உருளையில் எடுத்துக்கொள்வோம். அதன் பருமன் ஏறத்தாழ 24.6 லிட்டர். பிஸ்டனை அசையாமல் பூட்டிவிட்டுப் பத்து கெல்வின் சூடாக்கினால் 208 ஜூல் போதும், அவ்வளவும் மூலக்கூறுகளின் இயக்கத்தில் தங்கிவிடும். பூட்டைத் திறந்துவிட்டு அதே பத்து கெல்வின் சூடாக்கினால், பருமன் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 0.82 லிட்டர் கூடுகிறது. பிஸ்டனுக்கு வெளியே வளிமண்டலம் அழுத்திக்கொண்டே இருப்பதால், அதைத் தள்ளி விலக்க வளிமம் 83 ஜூல் வேலை செய்தாக வேண்டும். உள்ளே தங்குவது அப்போதும் 208 ஜூல்தான். ஆனால் நாம் கொடுக்க வேண்டியது 291 ஜூல். மெய்ப்புப் பார்த்த அம்மையாரின் குடத்துக்கு விடை இதுவே. குடத்தில் நிற்பது இரண்டு முறையும் ஒரே அளவு, இரண்டாம் முறை ஒரு பங்கு உருளையை விட்டு வெளியே போய்விட்டது. பிஸ்டன் மேல் எடை வைத்து அழுத்தத்தை இருமடங்காக்கினாலும் இந்த 83 மாறாது. தொடக்கப் பருமன் பாதியாகிவிடுவதால் விரிவும் பாதியாகிறது, பெருக்குத்தொகை அப்படியே நிற்கிறது. ஒரு மோலுக்கு Cp − Cv = R, அதாவது வளிம மாறிலி, என்று எழுதுவது இதைத்தான்.

விரிதலே வெப்பத்தைத் தின்பதில்லை என்பதற்கு 1845இல் ஜூல் செய்த சோதனை சான்று. அழுத்தி நிரப்பிய காற்றை, வெற்றிடமாக்கிய இன்னொரு கலத்துக்குள் அவர் திறந்துவிட்டார். தள்ளுவதற்கு எதிரே ஒன்றும் இல்லை. காற்று விரிந்தது, ஆனால் கலங்களைச் சூழ்ந்திருந்த நீரின் வெப்பநிலையில் அளக்கத்தக்க மாற்றம் இல்லை. உண்மை வளிமங்களில் நீங்கள் சொல்லும் ஈர்ப்புக்குச் சிறு பங்கு உண்டு, அடர்ந்த நிலையில் அது வளரும். சாதாரண அழுத்தத்தில் காற்றுக்கு அது புறக்கணிக்கத்தக்கது.

"நெகிழ்நிலை" என்ற சொல்லை நான் ஏற்கத் தயங்குவதற்கும் இதே கணக்கு காரணம். பிஸ்டனை ஒரு சுருள்வில்லோடு பிணைத்து, பருமன் கூடக் கூட அழுத்தமும் அதே விகிதத்தில் கூடும்படி அமைத்தால், கலம் நெகிழ்கிறது, ஆனால் தேவை 291 அன்று, ஏறத்தாழ 250 ஜூல். நெகிழ்வுகள் பலவகை. அவற்றுள் அழுத்தம் மாறாதது ஒன்றே Cp. எனவே "மாறா அழுத்தம்" என்பதைச் சொல்லிலிருந்து எடுக்கக் கூடாது.

உணவகம் நடத்துபவர், சேலம்:

பெரியவர்களுக்கு வணக்கம். குழப்பமே இல்லை என்று நினைக்கிறேன். குக்கரில் சமைத்தால் எரிவாயு மிச்சமாவது இதனால்தானே? மூடிய பாத்திரம், பருமன் மாறாது, ஆகவே வெப்பம் குறைவாகப் போதும். "குக்கர் வெப்பம், திறந்த வெப்பம்" என்றால் எந்த மாணவனுக்கும் புரியும்.

இயற்பியல் பேராசிரியர், மதுரை:

அன்பரே, குக்கரில் பெரும்பங்கு நீர். நீர் சூடாகும்போது மிகச் சிறிதே விரிவதால் அதற்கு இந்த இரண்டு எண்களும் ஏறத்தாழ ஒன்றே. குக்கர் மிச்சப்படுத்துவது, கொதிநிலை 120 டிகிரி அருகே உயர்ந்து வேகும் நேரம் குறைவதாலும், நீராவி வீணாகாததாலும். போதாததற்கு, விசில் அடிக்கும்போது மேலுள்ள எடை அழுத்தத்தைத்தான் நிறுத்திவைக்கிறது, பருமனை அன்று.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:

எங்கள் பாடப்புத்தகங்களில் அழுத்தம் என்பது அமுக்கம், பருமன் என்பது கனவளவு. "மாறா அமுக்கம்", "மாறாக் கனவளவு" என்று படித்த தலைமுறைகள் இங்கே உண்டு. அந்த வேறுபாட்டை ஒரு நூலுக்காகத் தீர்க்க முடியாது, தீர்க்க வேண்டியதும் இல்லை. ஆனால் "கொள்ளளவு" என்ற சொல்லைக் குற்றவாளியாக்குவதை நான் மறுக்கிறேன். நெற்கொள்முதல் என்கிறோம். அங்கே "கொள்" வாங்குவதை மட்டுமே குறிக்கிறது. வாங்கிய நெல் கிடங்கில் நின்றதா, மறுநாளே வெளியே போனதா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. ஐயா "ஏல்" என்ற வினைக்குக் கொடுத்த சுதந்திரத்தைக் "கொள்" என்பதற்கும் கொடுக்கலாமே? என் வகுப்பில் பிள்ளைகள் தடுமாறுவது சொல்லில் அன்று. வேலை என்ற வடிவில் வெப்பம் வெளியேறலாம் என்பதை அவர்கள் நம்ப மறுக்கும் இடத்திலே. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்தச் சொல்லுவேன். அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்த பிறகு, எதிர்த்திசையிலும் அது நடக்கும் என்பதை ஏற்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

பேராசிரியர் சொன்ன சுருள்வில் எடுத்துக்காட்டுக்குப் பின் "நெகிழ்நிலை"யைத் திரும்பப் பெறுகிறேன். கொள்முதல் நல்ல சான்று, மறுக்கவில்லை. ஆயினும் அம்மா, உறுத்துவது "அளவு" என்ற பின்னொட்டு. கொள்முதலில் வாங்கும் செயல் இருக்கிறது. கொள்ளளவு என்றதும் ஏரியும் தொட்டியும் நினைவுக்கு வருகின்றன. புணர்ச்சியைப் பற்றியும் ஒன்று: "மாறா" ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே "மாறாப் பருமன்" என்று வலி மிக வேண்டும். அச்சில் ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:

அனைவருக்கும் நன்றி. "மாறா அழுத்த வெப்ப ஏற்புத்திறன்", "மாறாப் பருமன் வெப்ப ஏற்புத்திறன்" என்று திருத்திவிட்டேன். தமிழ்நாட்டு மாணவர்கள் பள்ளியில் "ஏற்புத்திறன்" என்றே படித்து வருவதும் ஒரு காரணம். முதல் இடத்தில் மட்டும் "வெப்பக் கொள்ளளவு என்றும் வழங்கும்" என்று சேர்த்திருக்கிறேன். பேராசிரியரின் 208, 83, 291 கணக்கை ஒரு கட்டத்துக்குள் போட்டு, அம்மையார் வட்டமிட்ட வரிக்குக் கீழேயே வைத்துவிட்டேன்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:

கணக்கு அங்கே இருக்கும்போது கொள்ளளவு என்றே விட்டிருந்தாலும் பிள்ளைகளுக்கு விளங்கியிருக்கும். என் கருத்தில் மாற்றம் இல்லை. நூல் வெளிவந்ததும் ஒரு படி அனுப்புங்கள்.