மடிப்புக் கோட்டில் நிறம் எட்டிப் பார்க்கிறது, என்ன செய்யலாம்?

நண்பர்களே, கால் கிலோ அல்வா அட்டைப் பெட்டிக்கு டிசைன் செய்கிறேன், அச்சகம் கொடுத்த டைலைன் மேல்தான் வேலை. வெட்டுக் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. பிளீட் விட்டிருக்கிறேன், எழுத்தெல்லாம் கோடுகளிலிருந்து 4 மி.மீ. உள்ளே. டைலைன் தனி லேயரில், ஸ்பாட் நிறத்தில், Overprint Stroke போட்டு இருக்கிறது. அதுவரை சரி.

சிக்கல் மடிப்பில். முன்பக்கம் அடர் சிவப்பு, பக்கவாட்டு வெள்ளை. இரண்டும் மடிப்புக் கோட்டிலேயே முட்டுகின்றன. மாதிரிப் பெட்டியை மடித்தால் ஒரு ஓரத்தில் சிவப்பு பக்கவாட்டுக்குள் 1 மி.மீ. எட்டிப் பார்க்கிறது, எதிர் ஓரத்தில் முன்முகத்திலேயே வெள்ளைக் கீற்று. அச்சுக்கும் வெட்டுக்கும் நடுவே அவ்வளவு நகர்வு இருக்கத்தான் செய்யும் என்கிறார் அச்சகத்துக்காரர். நியாயம்தான், கோடு போட்டது நான்.

சிவப்பை இருபுறமும் 2 மி.மீ. நீட்டினால் வெள்ளைக் கீற்று போய்விடும், ஆனால் பக்கவாட்டில் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 3 மி.மீ. என்று கோணலாகத் தெரியும். பேசாமல் 10 மி.மீ. நீட்டி, வேண்டுமென்றே வைத்த பார்டர் போலக் காட்டினால் 9-க்கும் 11-க்கும் வித்தியாசம் கண்ணில் படாது என்று நினைக்கிறேன். யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா?

அப்புறம், பசை தடவும் மடிப்பில் மை, வார்னிஷ் எதுவும் கூடாது என்கிறார்கள். அங்கே பக்கத்து நிறம் எத்தனை மி.மீ. ஏறலாம்?