எண்ணைச் சொல்லாமல் எண்ணும் கவிதை

வைகைக்கரை: ஆஸ்பத்திரி வார்டில் கழிந்த ஏழு நாளைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். முதல் பத்தி ஏழு வரி, அடுத்தது ஆறு, அப்படியே குறைந்து கடைசிப் பத்தி ஒரே வரி. நாள் எண்ணை எங்கும் சொல்லவில்லை. படித்த நண்பர் இதைக் கவனிக்கவே இல்லை. இப்படி ஒளித்து வைப்பதில் பலன் உண்டா?

கரிசல்: இல்லை. வாசகருக்குத் தெரியாத கணக்கு உங்கள் டைரிக் கணக்கு. ‘நாளொற்றித் தேய்ந்த விரல்’ என்கிறது குறள். எத்தனை நாள் என்று கணக்கா கொடுத்தார்? தேய்ந்த விரலே போதும்.

மீனாட்சி: அவர் கணக்கு கொடுக்கவில்லை, சரி. திருமங்கையாழ்வார் கொடுத்தாரே. திருவெழுகூற்றிருக்கையில் ‘நாற்றிசை நடுங்க அஞ்சிறைப் பறவை ஏறி, நால்வாய் மும்மதத்து இருசெவி ஒருதனி வேழத்து’ என்று வருகிறது. அஞ்சிறை அழகிய சிறகு, நால்வாய் தொங்கும் வாய். இரண்டும் எண்ணே இல்லை. ஆனாலும் காதில் நாலு, அஞ்சு, நாலு, மூணு, இரண்டு, ஒன்று என்றே விழுகிறது. கருடன் மேல் ஏறும்போது எண் ஏறுகிறது. பிறகு இறங்கி இறங்கி, துணையில்லாமல் நிற்கும் ஒற்றை யானையிடம் வந்து சேர்கிறது. அந்த யானையின் தனிமையைப் பாதி சொல்வதே இந்த இறக்கம்தான்.

கரிசல்: அது ஏழுவரை ஏறி இறங்கும் என்று அன்று கேட்டவர்களுக்குத் தெரியும். வடிவத்தின் பெயரே ஏழைச் சொல்லிவிடுகிறது. நம் வாசகருக்கு அந்தப் பழக்கம் ஏது?

நாகை வெண்பாப்பித்தன்: என் வெண்பாக்களில் ஈற்றடி எப்போதும் மூன்று சீர்தான். அதுவும் ஒளித்த எண்தானே? நாற்பது வெண்பா கைவசம் இருக்கிறது, போடட்டுமா?

மீனாட்சி: ஐயா, அது யாப்பு விதி, எல்லா வெண்பாவுக்கும் பொது. இங்கே எண் அந்த வார்டிலிருந்து வந்தது. ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு பிடி கிடைக்கிறது. சீர் எண்ணத் தெரியாதவர் காதுக்கும் அந்தக் குறைந்த அடியில் பாட்டு முடிந்தது புரிகிறதே. கரிசல் சார் கேள்விக்கு அதுதான் பதில்.

வைகைக்கரை, உங்கள் சிக்கல் வேறு. காதில் ஒளிந்திருப்பது தாளில் படிக்கட்டாகத் தெரியும். மூன்றாம் பத்தியிலேயே நோயாளி இறக்கப் போகிறார் என்று வாசகர் ஊகித்துவிடுவார். முதல் மூன்று பத்தி குறையட்டும். நான்காவதில், காய்ச்சல் ஏறும் நாளில், நாலு வரிக்குப் பதில் ஆறு வரி வையுங்கள். மூன்று முறை பழகியதால்தான் அந்த மீறல் உறைக்கும். இரண்டாம் பத்தியிலேயே மீறினால் அச்சுப்பிழை மாதிரி இருக்கும்.

வைகைக்கரை: அக்கா, கவிதையில் அம்மா இறக்கவில்லை. ஏழாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

மீனாட்சி: அப்படியானால் ஏன் குறைகிறது? ஒன்றில் தொடங்கி ஏழுக்கு ஏற்றிப் பாருங்கள்.

கரிசல்: ஏற்றினால் வீடு திரும்புவது விழா மாதிரி ஆகிவிடும். வார்டில் எல்லா நாளும் ஒரே நீளம்தான். ஏழு பத்தியும் ஐந்து ஐந்து வரியாக இருக்கட்டும்.

மீனாட்சி: அதுவும் எண்ணிக்கைதானே, சார்!