அரைக்கோளத்தை மேல தூக்குறது இழுவிசையா அழுத்தமா? கொஞ்சம் சொல்லுங்க

எலெக்ட்ரோடைனமிக்ஸ் தெரிஞ்சவங்க ஹெல்ப் பண்ணுங்க. ஆரம் R, சீரா பரவுன மொத்த சார்ஜ் Q, உள்ள காலியான கோளக்கூடு, இதுல மேல் பாதி மேல இருக்குற விசைய மேக்ஸ்வெல் ஸ்ட்ரெஸ் வச்சு கண்டுபிடிக்கணும். மேல் பாதிய ஒட்டி வெளில ஒரு அரைக்கோளம், அடியில ஒரு தட்டுனு மூடுனா, உள்ள புலமே இல்லாததால தட்டு பூஜ்யம், வெளில ε₀E²/2 இழுவிசைய πR² ஆல பெருக்குனா Q²/(32πε₀R²) வந்துடுது. 10 செ.மீ. ஆரம், 1 மைக்ரோகூலும்னா சுமார் 0.11 நியூட்டன்.

இப்ப அரைக்கோளத்த a ஆரத்துக்கு பெருசாக்குனா அதோட பங்கு Q²/(32πε₀a²)னு குறையுது, R-ல இருந்து a வரைக்கும் உள்ள சமதள வளையம் மீதிய குடுக்குது, a முடிவிலிக்கு போனா முழுசும் சமதளத்துல இருந்துதான். ஆனா அங்க புலம் தளத்துக்கு இணையா ஓடுது, ஒரு கோடு கூட தாண்டல, அதனால இழுவிசைக்கு பதிலா பக்கவாட்டு அழுத்தம் கீழ இருந்து தள்ளுது (செங்குத்து -z, T_zz-உம் மைனஸ், அதனால விசை மேல).

மொத்தம் மாறலங்கிறது ஓகே, சார்ஜ் இல்லாத இடத்துல ஸ்ட்ரெஸ்ஸோட டைவர்ஜென்ஸ் பூஜ்யம். என் டவுட், "இவ்ளோ இழுவிசை, இவ்ளோ அழுத்தம்"னு பிரிக்கிறதுக்கு இயற்பியல்ல அர்த்தம் இருக்கா, இல்ல நாம வரையுற பரப்ப பொறுத்த கணக்கு மட்டும்தானா?