உதவி: மைனஸ் முனை 0 வோல்ட் என்றால் மின்னோட்டம் ஏன் கிரவுண்டில் இறங்குவதில்லை?

கீழக்கரை டிப்ளமோ மாணவி:
வணக்கம். இன்வெர்ட்டிங் ஆப்-ஆம்ப் கணக்கில் R1 10 கிலோ ஓம், Rf 47 கிலோ ஓம், உள்ளீடு 0.5 வோல்ட். பிளஸ் முனை கிரவுண்டில் இருப்பதால் மைனஸ் முனையும் 0 வோல்ட் என்று விர்ச்சுவல் ஷார்ட் சொல்கிறது. அப்படியானால் R1 வழியாக வரும் மின்னோட்டம் அங்கேயே கிரவுண்டில் இறங்கிவிடாமல் Rf வழியாக ஏன் போகிறது?

மண்டபம் வாசகர்:
கெயின் -47/10, அதாவது -4.7, வெளியீடு -2.35 வோல்ட். இரண்டு முனைகளும் ஒன்றுதான் என்பதால், மைனஸ் முனையை ஒயர் போட்டுக் கிரவுண்டில் இணைத்தாலும் இதே விடைதான் வரும், தங்கச்சி.

பரமக்குடி ஆசிரியர்:
விடை சரி, ஒயர் போடலாம் என்பது தவறு. ஒயர் போட்டால் மின்னோட்டம் முழுவதும் அதில் இறங்கிவிடும். உள்ளீட்டின் மாற்றம் எதுவும் ஆப்-ஆம்புக்குத் தெரியாது. மைனஸ் முனை 0 வோல்ட்டில் நிற்பதற்குக் காரணம், வெளியீடு தானே இறங்கி Rf வழியாக அதை அங்கே இழுத்துப் பிடித்திருப்பதுதான். முனைக்குள் மின்னோட்டம் நுழைவதில்லை என்பதால், R1-இல் வரும் 0.5/10k = 0.05 மில்லி ஆம்பியர் முழுவதும் Rf வழியாகவே போயாக வேண்டும். அங்கு 2.35 வோல்ட் விழுகிறது. ஒரு முனை 0 என்பதால் மறுமுனை -2.35.

பாம்பன் படகு எலெக்ட்ரீஷியன்:
ஐயா, படகின் 12 வோல்ட் பேட்டரியிலேயே LM358 வைத்து, 10 கிலோ, 100 கிலோ மின்தடைகளோடு இதே அமைப்பைச் செய்தேன். சென்சார் 0.5 வோல்ட் தருகிறது. வெளியீடு அசையாமல் 0-விலேயே நிற்கிறது. உப்புக்காற்றில் ஐசி கெட்டுவிட்டதா?

பரமக்குடி ஆசிரியர்:
மைனஸ் முனையில் மீட்டரை வைத்துப் பாருங்கள்.

பாம்பன் படகு எலெக்ட்ரீஷியன்:
0.45 வோல்ட் காட்டுகிறது.

பரமக்குடி ஆசிரியர்:
அப்படியானால் ஐசியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. வெளியீடு -5 வோல்ட்டுக்குப் போக வேண்டும். ஒற்றை பேட்டரியில் 0-வுக்குக் கீழே இறங்க வழியில்லை. வெளியீடு 0-வில் முட்டி நிற்கையில் இரண்டு மின்தடைகளும் 0.5 வோல்ட்டைப் பங்கிடுகின்றன: 0.5 × 100/110 = 0.45. முனைகள் இரண்டும் சமமாக இல்லையென்றால் விர்ச்சுவல் ஷார்ட் கணக்கு அங்கே செல்லாது. பிளஸ் முனையை 0.6 வோல்ட்டுக்கு உயர்த்தினால் மைனஸ் முனையும் 0.6-க்கு வரும்; R1-இல் 0.1 வோல்ட் எதிர்த்திசையில் இருக்கும், Rf-இல் அதன் 10 மடங்கு, வெளியீடு 1.6 வோல்ட்.

கீழக்கரை டிப்ளமோ மாணவி:
நன்றி ஐயா. உள்ளீடு 4 வோல்ட் என்றால் -18.8 என்று எழுதலாமா? கேள்வியில் சப்ளை தரப்படவில்லை.

பரமக்குடி ஆசிரியர்:
ஐடியல் என்று இருந்தால் எழுதலாம். ±12 வோல்ட் என்று தந்திருந்தால் -12-ஐத் தாண்டிக் கீழே எழுதக் கூடாது. அப்போது மைனஸ் முனை ஏறத்தாழ 1.19 வோல்ட்டில் நிற்கும்.

பாம்பன் படகு எலெக்ட்ரீஷியன்:
அந்த 0.6-ஐ பேட்டரியிலிருந்தே மின்தடைகளால் பிரித்து எடுத்தால், இன்ஜின் ஓடும்போது பேட்டரி வோல்ட் ஏறி அதுவும் கூடுமே ஐயா? வெளியீட்டில் 11 மடங்காகத் தெரியுமே. நிலையான 0.6-க்கு யாரேனும் வழி வைத்திருக்கிறீர்களா?