அலர்ஜிக் ரைனிட்டிஸ்: ‘நாசியழற்சி’ போதுமா?

கயல்விழி:
நோயாளிகளுக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். அகராதி ‘ஒவ்வாமை நாசியழற்சி’ என்கிறது. படித்துக் காட்டினால், “அதாவது சளிதானே?” என்கிறார்கள். அந்தத் ‘தானே’ வராத சொல் வேண்டும்.

செல்வம்:
‘ஒவ்வாமைச் சளி’ என்று வையுங்கள். பனிக்காற்று பட்டால் காலையில் எனக்கும் வரும். சளிதான், கொஞ்சம் நீளும், அவ்வளவே.

நளாயினி:
செல்வம் அண்ணா, நீளும் என்றது சரி, சளி என்றதுதான் பிழை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொல்லும் தடிமன் தொண்டை நோவோடு வரும், மூக்குநீர் பிறகு தடிக்கும், பெரும்பாலும் பத்து நாளுக்குள் போய்விடும். இதிலே காய்ச்சல் இராது, நீர் தண்ணியாகவே ஓடும், வாரக்கணக்கில் விடாது. மூக்கும் கண்ணும் அண்ணமும் கடிக்கும், நீங்கள் அரிப்பு என்பதை நாங்கள் கடி என்போம். என்னிடம் வருபவர்களிடம் முதலில் அந்தக் கடியைத்தான் கேட்பேன். ‘அழற்சி’ என்றால் எரிவு என்றல்லோ விளங்குது? ‘ஒவ்வாமை மூக்கு நமைச்சல்’ என்றால் என்ன?

முருகேசன்:
உங்கள் துண்டறிக்கையில் ‘தூசிப்பூச்சி’ என்று இருந்தது. கட்டிலுக்கு மூட்டைப்பூச்சி மருந்து அடித்துவிட்டோம். தும்மல் கூடியதுதான் மிச்சம். வேறு மருந்து உண்டா?

கயல்விழி:
ஐயோ, தவறு என் சொல்லில். அது பூச்சியே இல்லை. எட்டுக் கால், கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்னும். தும்மல் வருவது பெரும்பாலும் அதன் எச்சத்தால். ‘தூசியுண்ணி’ என்று மாற்றுகிறேன். மருந்து அடிப்பதை நிறுத்துங்கள், அந்த நெடியே மூக்கைக் கிளறும்.

என் அப்பா கதையைச் சொல்கிறேன். ஐந்தரைக்கு எழுந்தால் இருபது தும்மல், ஒன்பது மணிக்கு ஆள் சுத்தம். சளி என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டார். ஊரில் பாயில் படுத்த நாட்களில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் பழைய இலவம்பஞ்சுத் தலையணை மேல் சந்தேகம் வந்தது. அதைத் தூக்கிப் போட்டு, புதியதற்கும் மெத்தைக்கும் நெருக்கமாக நெய்த ஜிப் உறை மாட்டினோம். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி. இரண்டு மாதத்தில் நாலைந்து தும்மலாகக் குறைந்தது, முழுதும் நிற்கவில்லை. மழைக்காலத்தில் மறுபடி ஏறும்.

செல்வம்:
மெத்தையை மொட்டை மாடியில் வெயிலில் போட்டால் போதாதா?

நளாயினி:
நல்லதுதான், ஈரம் வற்றினால் உண்ணி தாங்காது. ஆனால் எச்சம் அப்படியே கிடக்கும், அதைத் துவைத்துத்தான் போக்க வேணும். உறையும் துவைப்பும் மட்டும் பலருக்குப் போதுவதில்லை. டாக்டர் தரும் மூக்கு ஸ்பிரேயும் தேவைப்படும். அதை இரண்டு நாளில் பலனில்லை என்று விடக்கூடாது, தினமும் அடிக்க வேணும்.

இராமநாதன்:
‘நமைச்சல்’ எனக்கு இடிக்கிறது. என் மகளுக்கு மூக்கடைப்புதான் பெரிது, நமைச்சலே கிடையாது. ஒரு அறிகுறியை நோய்க்குப் பெயராக வைத்தால் அவள் போன்றவர்கள் ‘இது நமக்கில்லை’ என்று தாளை மடித்துவிடுவார்கள். ‘உண்ணி’யும் நாய் உண்ணியை நினைவூட்டுகிறது.

கயல்விழி:
நியாயம். இப்போதைக்குத் தலைப்பு ‘ஒவ்வாமை மூக்கழற்சி’. கீழே பெரிய எழுத்தில் ‘காலையில் மூக்கும் கண்ணும் நமைக்கிறதா?’ என்று ஒரு கேள்வி, அதையடுத்து அடைப்பைப் பற்றி ஒரு வரி. உண்ணிக்கு வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

செல்வம்:
கண்ணும் நமைக்கும், ஆமாம். அதைத் தூக்கக் கலக்கம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.